பொருள்: படப் பொத்தானுக்குள் ஒளிந்திருக்கும் பெயர் – கலைச்சொல் வேண்டும், வெள்ளிக்குள்

ப. (மொழியாக்கம்)

அன்பர்களுக்கு வணக்கம். மளிகைச் செயலி ஒன்றின் நிரலாளர் கையேட்டைத் தமிழாக்குகிறேன். ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். குப்பைத்தொட்டிப் படம் மட்டும் உள்ள பொத்தானுக்கு நிரலில் `contentDescription` என்று ஒரு வரி எழுதுகிறோம். திரையில் அது தெரியாது. விரல் அங்கே பட்டால் திரைவாசிப்பான் அதைப் பார்வையற்றவருக்குச் சொல்லும். எழுதாமல் விட்டால் ஏதோ ஒரு பொத்தான் என்பதற்கு மேல் எதுவும் தெரியவராது. இதற்கு 'செவிப்பெயர்' சரியா?

தஞ்சை சு.

செவிப்பெயர் என்றால் காதின் பெயர் என்று பொருள்படும். பொருளைச் சுட்டுவதால் 'சுட்டுப்பெயர்' என்க. சுள் என்னும் வேரிலிருந்து சுடு, சுடர், சுட்டு, சுட்டி என ஒரு குடும்பமே கிளைத்திருக்கிறது என்பது என் கருத்து. ஒளி பட்டுத் தெரிவதே சுட்டுதல் என்பேன். இது பற்றி விரிவாகப் பின்னர் எழுதுகிறேன்.

ஈரோடு க.

ஐயா, சுட்டுப்பெயர் என்றால் அவன், அது. பள்ளிக்கூடப் பிள்ளையும் சிரிக்கும். 'லேபிள்' என்று எழுதிவிட்டு வேலையைப் பாருங்கள். நிரல் எழுதுகிறவர்கள் வாயில் இருப்பது அதுதான்.

நெல்லை இ.

நான் நாள்தோறும் டாக்பேக் என்னும் திரைவாசிப்பானை வைத்துப் புழங்குகிறவன். செவிப்பெயர் பொருந்தாது: பிரெயில் காட்டியை இணைத்தால் அதே வரியை விரலால் படிக்கிறேன், காதுக்கு அங்கே வேலையில்லை. சொல் எதுவானாலும், உள்ளே எழுதுவதைக் கவனியுங்கள். 'குப்பைத்தொட்டி' என்று எழுதுகிறார்கள். படத்தில் தொட்டி நீக்குதலுக்கு ஆகுபெயர். பார்க்கிறவருக்கு அது புரியும். எனக்கு 'நீக்கு' என்ற வினைதான் வேண்டும். 'நீக்கு பொத்தான்' என்றும் எழுதாதீர்கள். பொத்தான் என்பதை டாக்பேக் தானே சேர்த்துக்கொள்வதால் 'நீக்கு பொத்தான், பொத்தான்' என்று கேட்கிறது.

காரைக்குடி ம.

லேபிளைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது; கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக வைத்திருக்கிறேன். படத்துக்குக் கீழே உள்ள பெயரில் புள்ளி வெட்டுப்படுகிறது. 'பால்' என்பது 'பால' என்று நிற்கிறது. இலக்கணப் பிழை என்றே முதலில் நினைத்தேன்.

நெல்லை இ.

அம்மா, அது வேறு லேபிள். ஆனால் குறை உண்மையானது. எழுத்தின் அளவை, நீங்கள் எழுத்தைப் பெரிதாக்கினால் கூடவே வளரும் sp அலகில் கொடுத்தவர், அதைச் சுற்றியுள்ள பெட்டியின் உயரத்தை அப்படி வளராத dp அலகில் பூட்டிவிட்டார். எழுத்து வளர்கிறது, பெட்டி வளரவில்லை. உள்ளே இருப்பதற்கேற்ப வளரும்படி நிரலில் உயரத்தை `wrap_content` என்று விட்டால் புள்ளி திரும்பிவிடும்.

ப.

நன்றி. பட்டியலில் பத்துப் பொருள் இருந்தால் 'நீக்கு' என்று பத்து முறை ஒலிக்கிறதே. பொருளின் பெயரைச் சேர்க்க `%1$s-ஐ நீக்கு` என்று வைத்தேன்.

தஞ்சை சு.

இரண்டாம் வேற்றுமையைக் கோடிட்டு ஒட்டுவது கொடுமை! தக்காளியை, பாலை, உப்பை: உடம்படுமெய், உயிரேறல், குற்றியலுகரக் கேடு. நிரலுக்குப் புணர்ச்சி கற்றுக்கொடுங்கள்.

நெல்லை இ.

கற்றுக்கொடுக்கலாம், வெள்ளிக்குள் முடியாது. என் டாக்பேக் குரல் 'பால்-ஐ' என்பதைப் பால் என்று சொல்லி நிறுத்தி, பிறகு தனியாக ஐ என்கிறது. வேற்றுமையே வேண்டாத தொடராக மாற்றுங்கள்:

```xml
<string name="remove_item">%1$s, நீக்கு</string>
```

காற்புள்ளியில் குரல் சற்று நிற்கும். பொருள் முன்னால் வருவதால், விரலை வழித்துக்கொண்டு போகும்போது முதல் சொல்லிலேயே வேண்டாததைத் தாண்டிவிடலாம்.

ஈரோடு க.

'நீக்கு' மரியாதைக் குறைவு. 'நீக்கவும்' என்று போடுங்கள்.

ப.

நாம் பொறியை ஏவுகிறோம், பொறி நம்மை ஏவவில்லை. ஏவல் ஒருமை இருக்கட்டும். இன்னொன்று: படம் 24 dp, கையேடு தொடும் பரப்பு 48 dp வேண்டும் என்கிறது. படத்தையே பெரிதாக்கச் சொல்கிறதா?

நெல்லை இ.

இல்லை. நாலு பக்கமும் 12 dp வெற்றிடம் விடுங்கள். படம் அப்படியே இருக்கும், விரல் படும் இடம் மட்டும் அகலும். பக்கத்தில் உள்ள கூட்டல் பொத்தானின் பரப்பின் மேல் விழாமல் பாருங்கள். எனக்கு இது பெரிய தொல்லையில்லை, கை நடுங்குகிறவருக்குத்தான் தொல்லை.

தஞ்சை சு.

சொல்லுக்கு வருவோம். 'படிபெயர்' என்க. வினைத்தொகை, காதால் படித்தாலும் விரலால் படித்தாலும் பொருந்தும்.

ஈரோடு க.

அச்சில் யாரோ ஒற்றைப் போட்டுப் 'படிப்பெயர்' ஆக்குவார். மாடிப்படிக்குப் பெயர் வைத்த கதையாகும்.

ப.

நாளை அனுப்பியாக வேண்டும். 'பொத்தான் பெயர்' என்று போடுகிறேன். படங்களுக்கு வரும் இடத்தில் 'படப் பெயர்'. நால்வர் தனிமடலில் சரி என்றார்கள், உற்சாகமாக இல்லை.

தஞ்சை சு.

இரண்டு சொல்லால் ஒரு கருத்தைக் குறிப்பது கலைச்சொல்லாகாது. என் வகுப்பில் படிபெயர்தான். சுள் வேர் பற்றிய மடல் ஞாயிறு வரும்.

காரைக்குடி ம.

`wrap_content` என்பதை நான் கைப்பேசியில் எங்கே போய் மாற்றுவது?