கலைச்சொல் தேவை: டிஜே தொகுப்பில் எந்த நேரத்தில் எந்தப் பாட்டு ஒலித்தது என்று காட்டும் பட்டியல்

அனுப்புநர்: செல்வராணி, கொழிஞ்சாம்பாறை

நண்பர்களுக்கு வணக்கம்.

எங்கள் பக்கம் வேல என்னும் கோயில் திருவிழாக்களில் டிஜே ராத்திரி நேரலையாகப் போவது இப்போது வழக்கமாகிவிட்டது. அந்தப் பதிவுகளுக்குக் கீழே பாதிப் பேர் கேட்பது ஒன்றுதான்: "ஈ பாட்டு ஏதா?", "1:52ல வர்ற பாட்டு என்ன?" அதற்குப் பதிலாக யாராவது பொறுமையாக உட்கார்ந்து, மணி நிமிடத்தோடு எல்லாப் பாட்டையும் வரிசையாக எழுதி வைப்பார்கள். அதைத்தான் டிராக்லிஸ்ட் என்கிறோம். இதற்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும். அந்தப் பட்டியலில் பெயர் தெரியாத இடத்தில் `ID - ID` என்று போடுகிறார்களே, அதற்கும் ஒன்று வேண்டும்.

சொல் தேட வைத்தது எனக்கே வந்த ஒரு சிக்கல். 3 மணி 40 நிமிடப் பதிவு ஒன்றில் 1:52:10க்கு ஒரு பெண்குரல் வருகிறது. கருத்துப் பகுதியில் ஒருவர் போட்ட பட்டியலைப் பார்த்தால் அந்த நேரத்துக்கு ஒரு சினிமாப் பாட்டின் பெயர் இருக்கிறது. போட்டுக் கேட்டேன், அது இல்லவே இல்லை. பட்டியல் தப்பா, நான் பார்க்கும் விதம் தப்பா?

---

அனுப்புநர்: தமிழாசிரியர் (ஓய்வு), சித்தூர்

அன்புள்ள செல்வராணி, இதற்குப் புதுச்சொல் எதற்கு? "பாடற்பட்டியல்" என்று எல்லோரும் எழுதுகிறார்களே. கைப்பேசியில் நமக்குப் பிடித்த பாட்டுகளைத் தொகுத்து வைக்கிறோம் அல்லவா, அதேதான் இதுவும். கலைஞர் முன்கூட்டியே தொகுத்து வைத்திருப்பார். அவரிடம் கேட்டு வாங்கினால் போதும்.

---

அனுப்புநர்: கதிரேசன், வேலந்தாவளம்

ஐயா, அங்கேதான் வித்தியாசம். நான் ஒலிபெருக்கி வேலையில் இருக்கிறேன், டிஜேக்களுக்குப் பக்கத்திலேயே நிற்பவன். அவர்களில் பலர் கையில் முந்நூறு நானூறு பாட்டுகளோடு வருவார்கள். கூட்டம் எதற்கு எழும்புகிறதோ அதைப் பார்த்து அடுத்ததை எடுப்பார்கள். பாடற்பட்டியல் என்பது ஒலிக்கப்போவதைச் சொல்வது. செல்வராணி அக்கா கேட்பது ஒலித்து முடிந்த பிறகு, கேட்டவர்கள் உட்கார்ந்து எழுதுவது. அதில் நேரம் இல்லாவிட்டால் நடுவிலே ஒரு பாட்டைப் பிடிக்க அது உதவவே உதவாது.

அக்கா, உங்கள் பட்டியல் தப்பாக இருக்காது. நேரலை முடிந்த பிறகு "சற்று நேரத்தில் தொடங்கும்" என்று நிற்கும் முன்பகுதியை வெட்டிவிடுவார்கள். வெட்டுவதற்கு முன்னால் பட்டியல் எழுதியிருந்தால் எல்லா நேரமும் தள்ளிப் போயிருக்கும். எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டைத் தொடக்கத்தில் ஒன்று, கடைசியில் ஒன்று எடுத்துக்கொண்டு, பதிவில் எத்தனை மணிக்கு வருகிறது, பட்டியலில் எத்தனை என்று பாருங்கள். இரண்டு இடத்திலும் ஒரே வித்தியாசம் வந்தால் முன்னால் மட்டும் வெட்டியிருக்கிறார்கள். கடைசியில் வித்தியாசம் கூடினால் நடுவிலும் எதையோ எடுத்திருக்கிறார்கள். அப்போது உங்கள் இடத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு தெரிந்த பாட்டைத் தேட வேண்டும்.

---

அனுப்புநர்: செல்வராணி

கதிரேசன், பார்த்துவிட்டேன். பட்டியலில் 24:00 என்று இருக்கும் பாட்டு பதிவில் 17:40க்கு வருகிறது. கடைசிப் பக்கம் 3:11:30 என்றிருப்பது 3:05:10க்கு வருகிறது. இரண்டிலும் 6 நிமிடம் 20 வினாடி. அப்படியானால் என் 1:52:10 பட்டியலில் 1:58:30 ஆகிறது. அங்கே போய்ப் பார்த்தால் 1:57:40க்கு `ID - ID`, அடுத்த பெயர் 2:02:05க்குத்தான். பட்டியல் எழுதியவருக்கும் தெரியவில்லை! வருத்தம்தான், ஆனால் தப்பான பெயரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு இருப்பதற்கு இது மேல்.

சொல்லுக்கு வருகிறேன். "பாட்டடைவு" எப்படி? சொல்லடைவு என்றால் எந்தச் சொல் எந்த இடத்தில் வருகிறது என்று காட்டுவது. இது எந்தப் பாட்டு எந்த நேரத்தில் என்று காட்டுவது.

---

அனுப்புநர்: ராஜா, வண்ணாமடை

எனக்கும் இதே மாதிரி ஒன்று இருக்கிறது. தங்கச்சி கல்யாணத்தில் வந்த டிஜே கடைசியாகப் போட்ட பாட்டு, நாசிக் டோல் மேள அடியோடு வரும். வீடியோகாரர் அந்த இடத்தில் வேறு பாட்டை ஒட்டிவிட்டார். கைப்பேசியில் 9 வினாடி மட்டும் இருக்கிறது, அதிலும் சித்தப்பா பேசிக்கொண்டே இருக்கிறார். யாராவது கண்டுபிடித்துக் கொடுங்கள்.

பாட்டடைவு கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் எங்கள் ஊரில் "அடவு" என்றால் சிட்டிச் சீட்டுத் தவணை. பாட்டுக்கும் தவணை கட்ட வேண்டுமா என்று கேட்பார்கள்.

---

அனுப்புநர்: அனிதா, பாலக்காடு

செல்வராணி அக்கா, பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லும் ஷசாம் செயலியில் கேட்க வைத்தீர்களா? பிடிக்கவில்லை என்றால் வேகத்தைக் குறைத்து வையுங்கள். டிஜேக்கள் எல்லாப் பாட்டையும் வேகமாக்குவார்கள், அதனால்தான் அது திணறுகிறது. யூடியூபிலேயே வேகத்தைக் குறைக்கும் வசதி இருக்கிறது, அது போதும்.

அப்புறம், பாட்டடைவு வேண்டாம், "இசையடைவு" என்று வைக்கலாம். டிஜே போடுவதில் பாதிக்கு வரியே கிடையாது, அதைப் பாட்டு என்று எப்படிச் சொல்வது?

---

அனுப்புநர்: கதிரேசன்

அனிதா சொல்வதில் பாதி சரி. வேகம்தான் காரணம், ஆனால் யூடியூபில் குறைத்தால் வேகம் மட்டும்தான் குறையும், குரலின் சுருதி அப்படியே இருக்கும். டிஜே சுருதிப் பூட்டைப் போட்டு வேகத்தை ஏற்றியிருந்தால் அது சரியாக வரும். பூட்டு போடாமல் ஏற்றியிருந்தால் சுருதியும் மேலே போயிருக்கும், அதையும் சேர்த்துத்தான் இறக்க வேண்டும். ஷசாம் மாதிரியானவை ஒலியில் தூக்கலாக நிற்கும் சுருதிகளையும் அவற்றுக்கு நடுவே உள்ள இடைவெளியையும்தான் பொருத்திப் பார்க்கின்றன. சத்தமான கூட்டத்தில்கூடக் கண்டுபிடித்துவிடும், ஆனால் சுருதி நகர்ந்துவிட்டால் விழிக்கும்.

பூட்டு போட்டதா இல்லையா என்று காதாலேயே சொல்லலாம். குரல் மெலிந்து, பெரியவர் குரல் சின்னப் பிள்ளை குரல் மாதிரிக் கேட்டால் பூட்டு இல்லை.

இன்னொன்று, எந்தத் துண்டை வெட்டுகிறோம் என்பது. ஒரு பாட்டு போய் இன்னொன்று வரும் இடத்தில் இரண்டும் சேர்ந்து ஓடும். அங்கே கேட்க வைத்தால் போகிற பாட்டின் பெயரைச் சொல்லிவிடலாம். குரல் தனியாகத் தெரியும் இடத்தில் நாற்பது வினாடி வெட்டுங்கள்:

```
yt-dlp -x --audio-format wav --download-sections "*1:52:40-1:53:20" -o thundu.wav "பதிவின் முகவரி"
ffmpeg -i thundu.wav -af "asetrate=48000*0.94,aresample=48000" irakkam.wav
```

இரண்டாவது வரி வேகத்தையும் சுருதியையும் சேர்த்து 6 சதவீதம் இறக்கும், ஏறக்குறைய அரைச் சுருதி. கோப்பின் மாதிரி வீதம் 44100 ஆக இருந்தால் இரண்டு இடத்திலும் 48000க்குப் பதில் அதைப் போடுங்கள். 0.98, 0.96, 0.94, 0.92 என்று நான்கு துண்டு செய்து ஒவ்வொன்றாகக் கேட்க வையுங்கள். வேகம் மட்டும் இறங்க வேண்டுமென்றால் `-af` க்குப் பிறகு `"atempo=0.94"` போதும்.

ராஜா, 9 வினாடியில் பேச்சும் கலந்திருந்தால் கஷ்டம். அந்த டிஜேயிடமே கேளுங்கள், கையில் இருக்கும் பாட்டுகளைச் சிலர் நடன அடி வாரியாகப் பிரித்து வைத்திருப்பார்கள்.

---

அனுப்புநர்: செல்வராணி

கை தட்டி எண்ணினேன். 15 வினாடிக்கு 32 அடி, அதாவது நிமிடத்துக்கு 128. குரல் மெலிந்துதான் கேட்கிறது. 0.98லும் 0.96லும் ஒன்றுமில்லை. 0.94இல் பெயர் வந்தது! ஒரு மலையாள நாட்டுப்பாட்டுக் குழுவின் பழைய பதிவு. 128ஐ 0.94ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 120. மூலப் பதிவையும் தட்டி எண்ணினேன், 120தான்.

ஆனால் முழுசாக ஒப்பிட்டுப் பார்த்தேன். குரல் அதேதான். கீழே போகும் தாளம் வேறு. மூலத்தில் சிறிய பறையும் கைத்தாளமும், இங்கே கனமான மின்தாளம். ஒருவேளை அந்த டிஜேயே செய்த மறுகலவையாக இருக்கலாம். பட்டியலில் எழுதினால் பாதிதான் எழுத முடியும்.

---

அனுப்புநர்: கதிரேசன்

பாதி தெரிந்ததைப் பாதியாகவே எழுதுவதுதான் முறை, அக்கா. பாட்டு தெரிந்தால் பாட்டைப் போட்டு, அதோடு சேர்ந்து ஓடும் இன்னொன்றுக்கு அடுத்த வரியில் `w/` போட்டு `ID - ID` என்று விடுவார்கள். நாளைக்கு யாருக்காவது தாளம் தெரிந்தால் அந்த வரியை மட்டும் நிரப்புவார்கள்.

நேரத்தில் ஒரு குழப்பம் இன்னும் பாக்கி. நிமிடத்துக்கு 128 அடி என்றால் நான்கடித் தாளத்தில் 32 சுற்றுக்குச் சரியாக ஒரு நிமிடம். டிஜே சில நேரம் புதுப் பாட்டை மெதுவாக உள்ளே விட்டு, 32 சுற்று ஓடிய பிறகுதான், அதாவது ஒரு நிமிடம் கழித்துத்தான் அடித்தாளத்தை மாற்றுவார். சிலர் முதலில் கேட்ட இடத்தை எழுதுவார்கள், சிலர் அடி மாறிய இடத்தை. ஒரே பாட்டுக்கு இரண்டு பட்டியலில் ஒரு நிமிட வித்தியாசம் வருவது இதனால்தான். நான் முதலில் கேட்கும் இடத்தைத்தான் எழுதுவேன், அதை "நுழைவு" என்கிறேன்.

---

அனுப்புநர்: அனிதா

அது ஒத்துவராது, அண்ணா. முதலில் கேட்கும் இடம் ஆளுக்கு ஆள் மாறும், எனக்கு 1:51:20, அக்காவுக்கு 1:51:35. அடி மாறுவது எல்லோருக்கும் ஒரே வினாடியில் கேட்கும். அதைத்தான் எழுத வேண்டும்.

---

அனுப்புநர்: தமிழாசிரியர் (ஓய்வு), சித்தூர்

ஒலித்த பிறகு எழுதுவது என்று கதிரேசன் தம்பி சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. என் முந்தைய மடலைத் திரும்பப் பெறுகிறேன்.

பாட்டடைவு நல்ல சொல். அனிதா கேட்ட கேள்விக்கு: நாகஸ்வரக்காரர் வாசிக்கும்போது வரி காதில் விழாது, ஆனாலும் "என்ன பாட்டு வாசிக்கிறார்" என்றுதான் கேட்கிறோம். எனவே பாட்டு என்பதே நிற்கட்டும். சிட்டி அடவு பற்றி ராஜா சொன்னது நியாயம்தான். சேர்த்துப் பாட்டடைவு என்று சொன்னால் குழப்பம் வராது, தனியாக "அடைவு" என்று சுருக்க மட்டும் வேண்டாம்.

`ID - ID` என்பதற்குப் "பெயரிலி" என்று எழுதுவார்கள் என்று பயப்படுகிறேன். அது பொருந்தாது. அந்தப் பாட்டுக்குப் பெயர் உண்டு, நமக்குத் தெரியவில்லை, அவ்வளவே. பழைய முறை ஒன்று நம்மிடம் இருக்கிறது. குறுந்தொகை 40ஆம் பாட்டைப் பாடியவர் பெயர் தெரியாதபோது, "செம்புலப் பெயல்நீர்" என்று அவர் பாடிய தொடரையே எடுத்துச் செம்புலப்பெயனீரார் என்று வைத்தார்கள். காதில் விழும் ஒரு தொடரையோ ஒரு ஒலியையோ வைத்துப் பெயர் தாருங்கள். அதைச் "சுட்டுப்பெயர்" எனலாம். தேடுகிறவர் ஒவ்வொருவரும் வெவ்வேறு நிமிடம் சொல்லிக் கேட்டாலும் அந்தத் தொடரை வைத்து ஒன்றாகச் சேர்த்துவிடலாம்.

---

அனுப்புநர்: செல்வராணி

ஐயா, சுட்டுப்பெயர் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. நேரத்தைப் பற்றி அனிதாவும் கதிரேசனும் ஒத்துப்போகவில்லை. அதனால் பட்டியலின் தலையில் எந்த முறை என்று ஒரு வரி எழுதிவிடுகிறேன், முன்பகுதி வெட்டியபின் எழுதியது என்பதையும் சேர்த்து. எங்கள் பக்கத்தில் போட்ட வரி இப்படி:

```
பாட்டடைவு (நேரம்: நுழைவு; பதிவு வெட்டியபின்)
1:51:20  நாட்டுப்பாட்டுக் குழு - மூலப் பதிவு, வேகம் ஏற்றியது
   w/    சுட்டுப்பெயர்: இரட்டை முழக்கத்துக்குப் பின் சங்கொலி
1:55:45  (அடுத்த பாட்டு)
```

அந்தச் சங்கொலி 1:54:05க்குக் கேட்கும். கடந்த மாதம் கொல்லங்கோடு பக்கம் இன்னொரு டிஜே ராத்திரியிலும் இதே ஒலியைக் கேட்டதாக ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டு டிஜேக்களும் ஒரே தாளத்தை வைத்திருந்தால் அது எங்கள் டிஜே சொந்தமாகச் செய்த மறுகலவையாக இருக்க வாய்ப்புக் குறைவு. அந்தப் பதிவின் முகவரி யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள்.