2 லட்சம் முதல் 6 லட்சம் வரை: விளம்பரத்தில் பார்த்த சம்பளமும் கையில் வந்த சம்பளமும்

அம்மாபேட்டை, நிதி நிறுவன ஊழியர்:

வேலைவாய்ப்புத் தளங்களில் சம்பளத்தை ஓர் எண்ணாகச் சொல்லாமல் ஒரு வீச்சாகச் சொல்லும்போது, அது உண்மையில் எங்கே போய் நிற்கிறது என்பதைப் பற்றி உங்கள் அனுபவங்களை அறிய விரும்புகிறேன். என்னுடையதை முதலில் எழுதுகிறேன்.

சேலத்தில் ஒரு தனியார் நிதி நிறுவனக் கிளைக்கு வாடிக்கையாளர் தொடர்பு அலுவலர் தேவை என்ற விளம்பரத்தில் அனுபவம் 2 முதல் 4 ஆண்டுகள் என்றும், சம்பளம் ஆண்டுக்கு 2 முதல் 6 லட்சம் ரூபாய் என்றும் போட்டிருந்தார்கள். எனக்கு மூன்றாண்டு அனுபவம் இருப்பதால் நடுவில் எங்கேயாவது, ஏறத்தாழ 4 லட்சம் அளவில் கிடைக்கும் என்று எடுத்துக்கொண்டு நேர்காணலுக்குப் போனேன். இரண்டு சுற்றுகள் முடிந்து வந்த கடிதத்தில் ஆண்டுக்கு ரூ.2,18,412 என்று இருந்தது. தொலைபேசியில் கேட்டபோது, 6 லட்சம் என்பது இன்சென்டிவோடு சேர்த்து என்று சொன்னார்கள். இப்போது நான் வேலை செய்யும் இடத்தில் மாதம் ரூ.15,500 கையில் வருகிறது. அந்தக் கடிதத்தின்படி பிடித்தம் போகக் கையில் வருவது ரூ.14,680 என்று தெரிந்ததும் மறுத்துவிட்டேன். இவ்வளவு அகலமான வீச்சைப் பார்க்கும்போது முன்கூட்டியே இதைக் கண்டுபிடிக்க வழி உண்டா?

ஓமலூர், ஒரு தகப்பனார்:

என் மகனும் இதே போன்ற விளம்பரங்களைப் பார்க்கிறான் என்பதால் எழுதுகிறேன். குரூப் 4 அறிவிப்பில் இளநிலை உதவியாளருக்கு ரூ.19,500 – 71,900 என்று போடுவார்கள். சேரும்போது 19,500 அடிப்படைச் சம்பளம், அதன் மேல் அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும், பிறகு ஆண்டுக்கு 3 சதவீத ஊதிய உயர்வு என்று படிப்படியாக மேலே போகும். இந்தத் தனியார் விளம்பரத்தையும் அப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். முதலில் 2 லட்சத்தில் சேர்ந்துவிட்டு, நிலைத்து நின்றால் 6 லட்சம் வந்துவிடும் அல்லவா? வாய்ப்பை விட்டுவிட்டது சரியா என்று யோசியுங்கள், அம்மா.

ஜாகீர் அம்மாபாளையம், மென்பொருள் ஊழியர்:

என் அனுபவத்தில் மேல் எண்ணைப் பார்க்கவே தேவையில்லை. கீழ் எண்தான் உண்மை. 3 முதல் 8 ஆண்டு அனுபவம், 4 முதல் 12 லட்சம் என்று போட்டிருந்த இடத்துக்கு விண்ணப்பித்தேன். அப்போது என் சம்பளம் ஆண்டுக்கு 4 லட்சம். நேர்முகத் தேர்வில் எல்லாச் சுற்றிலும் தேறிய பிறகு கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டைக் கேட்டார்கள். அதன் மேல் 30 சதவீதம் கூட்டி 5.2 லட்சம் என்று முடித்துவிட்டார்கள். 12 என்ற எண்ணுக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாமல் போயிற்று. ஆகவே எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும் நான் மேல் எண்ணைக் கையால் மறைத்துக்கொண்டுதான் படிக்கிறேன்.

ஜங்ஷன், ஓய்வு பெற்ற மனிதவள அலுவலர்:

இங்கே எழுதப்பட்டவை மூன்றும் வெவ்வேறு வகை வீச்சுகள் என்பதால், அவற்றைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. நான் பணியில் இருந்தபோது இத்தகைய விளம்பரங்களை எழுதிக் கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ஓமலூர் ஐயா சொல்வது அரசு ஊதிய நிலையைப் பற்றியது. அங்கே இரண்டு எண்களும் ஒரே ஊழியரின் பணிக்காலத்தின் தொடக்கமும் முடிவும் ஆகும். இன்று சேர்பவர் எவராக இருந்தாலும் முதல் எண்ணில்தான் தொடங்குவார், ஏறும் பாதையும் அரசாணையில் எழுதப்பட்டிருக்கும். தனியார் விளம்பரத்தில் அத்தகைய வாக்குறுதி எதுவும் கிடையாது. மேல் எண்ணை நோக்கி ஆண்டுதோறும் ஏற்றுவதாக அந்த நிறுவனம் எங்கும் எழுதித் தருவதில்லை.

தனியார் நிறுவனங்களில் முறையாக வகுத்த ஒரே பதவிக்கு மேல் எண் கீழ் எண்ணைப் போலப் பெரும்பாலும் ஒன்றரை மடங்கு அளவில் இருக்கும். அதிலும் புதிதாக எடுப்பவர்களைக் கீழ்ப்பாதியில் வைப்பதே வழக்கம், ஏனெனில் அடுத்த சில ஆண்டுகளுக்கு உயர்வு கொடுக்க மேலே இடம் வேண்டும். வீச்சு இரண்டு மடங்கைத் தாண்டி, மூன்று மடங்காக நிற்கிறது என்றால், ஒன்றுக்கு மேற்பட்ட விஷயங்களை ஒரே வரியில் அடைத்திருக்கிறார்கள் என்று பொருள். எதை அடைத்திருக்கிறார்கள் என்பதைப் பக்கத்தில் இருக்கும் அனுபவ வரி பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

மென்பொருள் தம்பி பார்த்த விளம்பரத்தில் அனுபவமும் அகலம், சம்பளமும் அகலம். 3 ஆண்டு அனுபவம் உள்ளவரையும் 8 ஆண்டு அனுபவம் உள்ளவரையும் ஒரே விளம்பரத்தில் தேடுகிறார்கள் என்றால், அதற்குள் இரண்டு அல்லது மூன்று பதவிகள் இருக்கின்றன. 4 முதல் 6 வரை ஒன்று, 6 முதல் 8 வரை ஒன்று, அதற்கு மேல் குழுத் தலைவர் நிலை என்று வைத்துக்கொண்டால், அவருக்குக் கிடைத்த 5.2 முதல் பதவியின் மேல்பாதியில் வருகிறது. கீழ் எண்தான் உண்மை என்று அவர் சொல்வது அவருடைய பதவி நிலைக்குச் சரி. 8 ஆண்டு அனுபவத்தோடு அதே விளம்பரத்துக்குப் போனவரிடம் கேட்டால் வேறு கதை சொல்லியிருப்பார்.

அம்மாபேட்டைச் சகோதரி பார்த்ததில் அனுபவம் 2 முதல் 4 ஆண்டுதான், ஆனால் சம்பளம் மூன்று மடங்கு அகலம். இரண்டு ஆண்டு கூடுதல் அனுபவத்துக்காக யாரும் மூன்று மடங்கு தருவதில்லை. அனுபவம் ஒடுங்கியும் சம்பளம் விரிந்தும் இருந்தால், இடைவெளியை நிரப்புவது இன்சென்டிவ் என்று எடுத்துக்கொண்டு தொலைபேசியிலேயே கேட்டுவிடலாம்: நிலையான தொகை எவ்வளவு, இலக்கில் எத்தனை சதவீதத்தை எட்டிய பிறகு இன்சென்டிவ் தொடங்கும், இப்போது அந்தக் கிளையில் இருப்பவர்களில் சென்ற காலாண்டில் அதை முழுதாக வாங்கியவர்கள் எத்தனை பேர். கடனைப் பிடித்துக் கொடுத்த பிறகு முதல் தவணையே கட்டப்படாமல் திரும்பி வந்தால் கொடுத்த இன்சென்டிவைத் திரும்பப் பிடிக்கும் இடங்களும் உண்டு, அதையும் கேட்க வேண்டும்.

அந்த ரூ.2,18,412-ஐயும் பிரித்துப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் கீழ் எண்ணும் அப்படியே கைக்கு வருவதில்லை. சகோதரி, உங்கள் கடிதத்தில் அடிப்படைச் சம்பளம் 10,000, வீட்டு வாடகைப்படி 6,000 என்று இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன்.

அம்மாபேட்டை, நிதி நிறுவன ஊழியர்:

ஆம் ஐயா, அப்படியேதான் இருந்தது.

ஜங்ஷன், ஓய்வு பெற்ற மனிதவள அலுவலர்:

அப்படியானால் மாதம் 16,000 மொத்தச் சம்பளம். நிறுவனம் தன் பங்காகக் கட்டும் பி.எஃப். அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம், அதாவது 1,200. இ.எஸ்.ஐ.யில் நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதம், அதாவது 520. பணிக்கொடைக்கு என்று 4.81 சதவீதம், 481. இவற்றையும் சேர்த்தால் 18,201 ஆகிறது. பன்னிரண்டால் பெருக்கினால் உங்கள் கடிதத்தில் இருந்த தொகை வந்துவிடும். இனி 16,000-இல் உங்கள் பங்கு பி.எஃப். 1,200, இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் 120 ஆகியவற்றைக் கழித்தால் 14,680. ஆண்டுத் தொகையைப் பன்னிரண்டால் வகுத்துப் பார்த்து 18,201 வரும் என்று எண்ணியவருக்கு மாதம் 3,521 ரூபாய் குறைகிறது. பி.எஃப். பணம் இரு பங்கும் உங்கள் பெயரில்தான் சேர்கிறது என்பதால் அதை இழப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைக் கொண்டு இந்த மாத வாடகை கொடுக்க முடியாது. பணிக்கொடையோ வழக்கமாக ஐந்தாண்டு தொடர்ந்து பணி செய்தவருக்குத்தான் கிடைக்கும், நடுவில் போகிறவருக்கு அந்த 481 வெறும் எழுத்து.

ஏற்காடு, தங்கும் விடுதி ஊழியர்:

எங்கள் மலையில் விளம்பரங்கள் வேறு மாதிரி அகலமாக இருக்கும். உணவகப் பணியாளருக்கு மாதம் 12,000 முதல் 28,000 வரை என்று பார்த்து ஒரு விடுதியில் சேர்ந்தேன். சம்பளமாகக் கையில் கொடுத்தது 12,500. மூன்று வேளை உணவும் தங்குமிடமும் தருகிறார்கள், அதற்கு அவர்களே ஒரு மதிப்புப் போட்டு மேல் எண்ணில் சேர்த்திருந்தார்கள். நான்கு பேர் படுக்கும் அறைக்கு என்ன மதிப்புப் போட்டார்கள் என்று கடைசி வரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. மீதி, பில்லில் வரும் சேவைக் கட்டணத்தைப் பதவிக்குத் தக்கபடி பாயின்ட் கணக்கில் பிரித்துக் கொடுப்பது. ஏப்ரல், மே மாதங்களில் கீழிருந்து கார்கள் வரிசையாக ஏறி வரும்போது அது நன்றாகவே இருந்தது. மழைக் காலத்தில் வார நாட்களில் அறைகள் காலியாகக் கிடக்கும்போது ஒன்றும் இருக்காது. சீசன் மாதத்தின் மிக உயர்ந்த தொகையை எடுத்து ஆண்டு முழுவதற்குமான மேல் எண்ணாகப் போட்டிருக்கிறார்கள் என்பது பிறகு புரிந்தது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சேவைக் கட்டணத்தைப் பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று வழிகாட்டுதல் கொடுத்த பிறகு, அதைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லும் விருந்தினர்களும் உண்டு. ஆகவே எங்கள் தொழிலில் இருப்பவர்கள் நவம்பர் மாதச் சம்பளம் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள்.

ஜாகீர் அம்மாபாளையம், மென்பொருள் ஊழியர்:

மனிதவள ஐயா சொன்ன பதவி நிலைக் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் சம்பளத்தை முடிவு செய்தது பதவி நிலையா, பழைய சம்பளச் சீட்டா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. என்னோடு அதே நாளில், அதே வேலைக்குச் சேர்ந்த ஒருவர் 5.5 லட்சத்தில் இருந்து வந்தார், அவருக்கு 6.8 கொடுத்தார்கள். அனுபவம் இருவருக்கும் ஒன்றுதான். பழைய சம்பளத்தைச் சொல்லாமல் மறுப்பது நல்லதா?

ஜங்ஷன், ஓய்வு பெற்ற மனிதவள அலுவலர்:

நீங்கள் சொல்வதை மறுக்க மாட்டேன், பல இடங்களில் அதுதான் நடக்கிறது. வீச்சுக்குள் எந்த இடத்தில் வைப்பது என்பதைப் பழைய சம்பளமே முடிவு செய்கிறது. சொல்ல மறுத்தவர்களை நாங்களே அடுத்த சுற்றுக்கு அனுப்பாமல் விட்டதும் உண்டு, அதைக் கடந்து நல்ல தொகை வாங்கியவர்களும் உண்டு. அதில் எனக்கு உறுதியான பதில் இல்லை. நியூயார்க் நகரத்தில் 2022 நவம்பர் 1 முதல் விளம்பரத்தில் சம்பள வீச்சைப் போட்டாக வேண்டும், அதுவும் மனமறிந்து நேர்மையாகப் போட வேண்டும் என்று சட்டம் வந்தது. அங்கேயும் தொடக்கத்தில் சிலர் நம்ப முடியாத அகலத்தில் எண்களைப் போட்டார்கள். நம் நாட்டில் தனியார் விளம்பரங்களுக்கு அந்தக் கட்டாயமே இல்லாததால், கேட்டுத் தெரிந்துகொள்வது விண்ணப்பிப்பவர் பொறுப்பாகிறது.

ஓமலூர், ஒரு தகப்பனார்:

அரசு ஊதிய நிலையோடு ஒப்பிட்டது பொருந்தாது என்று விளங்கிவிட்டது. ஆனாலும் இன்சென்டிவ் உழைக்கிறவனுக்கு வராமலா போகும் என்ற எண்ணம் எனக்கு முழுதாகப் போகவில்லை.

அம்மாபேட்டை, நிதி நிறுவன ஊழியர்:

இன்று வேறொரு நிறுவனத்திலிருந்து அழைத்தார்கள். 1 முதல் 3 ஆண்டு அனுபவம், 2.4 முதல் 5 லட்சம் என்ற விளம்பரம். நிலையான தொகை 2.6 லட்சம் என்று உடனே சொன்னார்கள், இலக்கில் 80 சதவீதத்துக்கு மேல் போனால்தான் இன்சென்டிவ் என்றும் சொன்னார்கள். முழு இன்சென்டிவ் எத்தனை பேர் வாங்கினார்கள் என்று கேட்டபோது, நேரில் வாருங்கள், பேசிக்கொள்ளலாம் என்று நிறுத்திக்கொண்டார்கள். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். போகலாமா?

ஜங்ஷன், ஓய்வு பெற்ற மனிதவள அலுவலர்:

போய்ப் பாருங்கள். இரண்டு கேள்விக்கு நேராகப் பதில் சொன்னவர்கள் முந்தைய நிறுவனத்தைவிட மேல். நேர்காணலுக்குச் சற்று முன்னதாகவே போய், அதே பதவியில் இருக்கும் ஒருவரிடம் மூன்றாவது கேள்வியைக் கேளுங்கள். கிளையில் வேலை செய்பவர்கள் அதை மறைப்பதில்லை. அந்த இடம் ஏன் காலியானது என்றும் அவரிடமே கேட்டுவிடுங்கள். உங்கள் கணக்கை மட்டும் 2.6 லட்சத்தின் மேல் போடுங்கள், சம்பளத்தைப் பிரித்துக் காட்டும் கணக்கு எழுத்தில் வராமல் இப்போதைய வேலையில் விலகல் கடிதம் கொடுக்க வேண்டாம்.