பொருள் பக்கத்தில் போட்ட பதில்களை எல்லாம் திருத்த வேண்டும், உதவி தேவை

கடைப்பொறுப்பு:
வணக்கம். மாமா கடைச் சரக்கை ஆன்லைனில் விற்கிறோம். பொருள் பக்கத்தின் அடியில் வாங்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளுக்குக் கடைப் பையன்கள் ஆளுக்கொரு விதமாகப் பதில் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒருவன் "டியர் சார்" என்கிறான், இன்னொருவன் சண்டைக்குப் போகிறான். முந்நூறுக்கு மேல் இருக்கும். எல்லாவற்றையும் சுருக்கமாகவும் மரியாதையாகவும் மாற்றச் சொல்கிறார் மாமா. நல்ல மாதிரி வாசகம் ஒன்று இருந்தால் கொடுங்கள், அதையே எல்லாவற்றுக்கும் ஒட்டிவிடுகிறேன். கொஞ்சம் அவசரம்.

நூல்கண்டு:
என்ன சரக்கு? சட்டையா, சட்டியா? பழைய பதிலைத் திருத்த வழி இருக்கிறதா, அழித்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டுமா? பதில் தமிழிலா, ஆங்கிலத்திலா?

பணிவன்பன்:
இதற்கு ஒரே வழி டெம்ப்ளேட். நான் எல்லாப் பொருளுக்கும் இதைத்தான் போடுகிறேன்: "அன்புள்ள வாடிக்கையாளரே, வணக்கம். எங்கள் தயாரிப்பில் ஆர்வம் காட்டியமைக்கு மிக்க நன்றி. (இங்கே பதில்.) மேலும் ஐயங்கள் இருப்பின் தயங்காமல் கேளுங்கள். தங்கள் சேவையில் என்றும்." மரியாதைக்கு மரியாதை, எல்லாம் ஒரே மாதிரியும் இருக்கும்.

பழைய பெஞ்ச்:
மாதாமாதம் ஒருவர் வந்து "மாதிரி வாசகம் கொடுங்கள்" என்று கேட்பதும், பணிவன்பன் அதே நான்கு வரியை எடுத்துப் போடுவதும் இங்கே வழக்கமாகிவிட்டது. தம்பி, என்ன விற்கிறாய் என்றே சொல்லவில்லை. கேட்கவே தெரியாதவன் பதிலை எப்படித் திருத்துவான்?

கடைப்பொறுப்பு:
மன்னிக்கவும், தோசைக்கல். வார்ப்பிரும்பு, எண்ணெய் பழக்கியே வருகிறது. 10 அங்குலம், 12 அங்குலம் இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. புதுப் பதில்களைத் திருத்த முடிகிறது. பழையவற்றில் திருத்தும் பட்டன் இல்லை, அழிக்கத்தான் முடியும். தமிழில் கேட்டால் தமிழில் பதில். நான்கைந்தை அப்படியே போடுகிறேன்:

கே: இண்டக்‌ஷனில் வைக்கலாமா?
ப: எஸ் சார், எல்லா அடுப்பிலும் சூப்பராக ஒர்க் ஆகும்!!

கே: துரு பிடிக்காது தானே?
ப: ஆமாம் சார்.

கே: எடை எவ்வளவு?
ப: 2 கிலோ டியர்.

கே: சோப்பு போட்டுக் கழுவலாமா?
ப: டிஸ்கிரிப்ஷனில் தெளிவாக உள்ளது. படித்துவிட்டுக் கேட்கவும்.

பட்டுக்கரை:
எங்களுக்குப் புடவை. "போட்டோவில் இருக்கும் கலரே வருமா" என்றுதான் நூற்றுக்குப் பாதி கேள்வி. வரும் என்று போட்டாலும் வம்பு, வராது என்று போட்டால் வாங்க மாட்டார்கள். அதற்கு யாராவது ஒரு வாசகம் சொல்லுங்களேன்.

வார்ப்படம்:
பட்டுக்கரை அக்கா, உங்கள் கேள்வி வேறு. தனி இழையாகப் போடுங்கள்.

கடைப்பொறுப்பு, நான் பாத்திரக் கடைகளுக்கு இந்த வேலையைச் செய்து கொடுத்திருக்கிறேன். நீங்கள் மரியாதையில் தொடங்குகிறீர்கள், ஆனால் போட்டிருக்கும் நான்கில் மூன்று பதில்களில் தகவலே கோளாறு. தப்பான தகவலை மரியாதையாக எழுதினால் அதை இன்னும் அதிகம் பேர் நம்புவார்கள், அவ்வளவுதான்.

எடையைப் பாருங்கள். இரண்டு அளவும் ஒரே பக்கத்தில் இருப்பதால், 10 அங்குலம் பார்க்கிறவருக்கும் 12 அங்குலம் பார்க்கிறவருக்கும் அதே "2 கிலோ" பதில்தான் தெரியும். வார்ப்பிரும்பு ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 7.2 கிராம். 4 மி.மீ. தடிமன் என்று வைத்தால் 10 அங்குலத் தட்டு மட்டும் ஒன்றரைக் கிலோவை ஒட்டி வரும், 12 அங்குலம் 2 கிலோவைத் தாண்டும். விளிம்பும் கைப்பிடியும் தனி. எப்படிப் பார்த்தாலும் இரண்டில் ஓர் அளவுக் கல்லுக்கு அந்தப் பதில் பொய். இப்படிக் கணக்குப் போட்டும் எழுத வேண்டாம், தராசில் வையுங்கள். ஒவ்வொரு அளவிலும் சில கற்களை நிறுத்துப் பார்த்து, "10 அங்குலக் கல் சுமார் இவ்வளவு, 12 அங்குலக் கல் சுமார் இவ்வளவு. வார்ப்பு என்பதால் கல்லுக்குக் கல் சற்றுக் கூடக் குறைய இருக்கும்" என்று போடுங்கள். எந்தப் பதிலிலும் வெறும் "இது" என்று எழுதாதீர்கள், அளவைச் சேர்த்தே எழுதுங்கள்.

அடுத்தது "துரு பிடிக்காது தானே?" "ஆமாம்." பிடிக்கும் என்று ஆமாமா, பிடிக்காது என்று ஆமாமா? கேட்டவர் தனக்குச் சாதகமாகத்தான் எடுத்துக்கொள்வார். "தானே", "இல்லையா" என்று முடியும் கேள்விகளுக்கு ஆமாம், இல்லை இரண்டையும் விட்டுவிட்டு முழு வாக்கியமாகச் சொல்லுங்கள்: "ஈரத்தோடு வைத்தால் துரு பிடிக்கும். கழுவியதும் துடைத்து, அடுப்பில் காயவைத்து, லேசாக எண்ணெய் தடவி வையுங்கள்." இதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். இதில் மரியாதைக் குறைச்சல் எங்கே இருக்கிறது?

பணிவன்பன்:
வணக்கம் கூடச் சொல்லாமல் "துரு பிடிக்கும்" என்று தொடங்கினால் எவன் வாங்குவான்?

வார்ப்படம்:
உங்கள் டெம்ப்ளேட்டைக் கைப்பேசியில் திறந்து பாருங்கள். முதல் இரண்டு மூன்று வரிதான் தெரியும், மீதி "மேலும் காட்டு" என்பதற்குள் போய்விடும். தெரிகிற வரி முழுவதும் உங்கள் நன்றிதான். எடை என்ன என்று கேட்டவர் நன்றியைப் படித்துவிட்டுப் போய்விடுவார். இதே நன்றி முந்நூறு தடவை அடுக்கி நின்றால் ஒருவரும் பேசவில்லை, மெஷின் பேசுகிறது என்றுதான் தோன்றும். "வையுங்கள்", "பாருங்கள்" என்று வினையிலேயே மரியாதை வந்துவிடுகிறது. கேட்டவர் சாரா மேடமா என்று நமக்குத் தெரியாது, அதனால் அதையும் விட்டுவிடலாம். "டியர்" கட்டாயம் வேண்டாம்.

நூல்கண்டு:
இண்டக்‌ஷன் கேள்விக்கு மட்டும் பையன் சரியாகத்தான் சொல்லியிருக்கிறான். காந்தம் ஒட்டினால் இண்டக்‌ஷனில் ஓடும். வார்ப்பிரும்பில் ஒட்டும். முடிந்தது.

வார்ப்படம்:
ஓடும் என்பது சரி. ஆனால் திரும்பி வரும் கல் எல்லாம் "ஓடவில்லை" என்றா வருகிறது? "நடுவில் கருகுகிறது, ஓரம் வேகவில்லை" என்றுதான் வரும். வீட்டு இண்டக்‌ஷனில் சுருள் கல்லைவிடச் சிறியது. 12 அங்குலக் கல்லின் ஓரத்துக்கு நேரான சூடு போகாது, வார்ப்பிரும்பில் சூடு பரவவும் நேரமாகும். கல்லின் அடிப்பக்கம் தட்டையாக இல்லாவிட்டாலும் தொல்லைதான்.

கடைப்பொறுப்பு, உங்கள் கல்லைக் கண்ணாடி மேல் வைத்து ஓரத்தைச் சுற்றி விரலால் அழுத்திப் பாருங்கள். ஆடுகிறதா? அடியில் கம்பெனிப் பெயர் புடைத்து வார்த்திருக்கிறதா? தெரிந்தால்தான் இந்தக் கேள்விக்குப் பதில் எழுத முடியும்.

பழைய பெஞ்ச்:
"எல்லா அடுப்பிலும்" என்று எழுதிய பையனுக்கு இன்னொன்றும் சொல்லி வையுங்கள். விவரித்தபடி இல்லாத பொருளை விற்றவர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்பது 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளில் இருக்கிறது. உங்கள் பதிலையே ஸ்கிரீன்ஷாட் எடுத்து நீட்டுவார்கள். "100% கியாரண்டி" என்று எங்காவது போட்டிருந்தால் முதலில் அதைத் தேடி எடுங்கள்.

அடுக்களை ராஜ்ஜியம்:
சோப்பு கேள்வியை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். தோசைக்கல்லில் சோப்பு படவே கூடாது. எங்கள் பாட்டி காலத்திலிருந்து சாம்பல்தான், இல்லாவிட்டால் வெறும் துணி. சோப்பு போட்டால் பழக்கமெல்லாம் போய்விடும்.

நூல்கண்டு:
அது காரம் கலந்த பழைய சோப்புக்குச் சொன்னது. காஸ்டிக் இருந்தால் எண்ணெய்ப் படலத்தைத் தின்றுவிடும். இப்போது வரும் பாத்திரம் கழுவும் திரவத்தில் அது கிடையாது, இறுகிப் படிந்த படலத்தை அதனால் எடுக்க முடியாது. நான் வாரம் ஒருமுறை போடுகிறேன், தோசை தானாக எழுந்து வருகிறது.

அடுக்களை ராஜ்ஜியம்:
தோசை வரும், வாசனையும் சேர்ந்து வரும். கல்லுக்கும் சோப்பு மணத்துக்கும் ஆகாது.

நூல்கண்டு:
அலசவில்லை என்று சொல்லுங்கள். புளிக்குழம்பைச் சட்டியில் ஊறவிடுவதுதான் படலத்துக்கு எமன், சோப்பு இல்லை.

அடுக்களை ராஜ்ஜியம்:
தோசைக்கல்லில் யார் புளிக்குழம்பு வைத்தார்கள்?

பழைய பெஞ்ச்:
இதோ, தொடங்கிவிட்டது.

வார்ப்படம்:
நூல்கண்டு சொல்வதுதான் எனக்கும் சரியாகப் படுகிறது. ஆனால் அந்தப் பதிலை நீங்களோ நானோ முடிவு செய்ய முடியாது. கல்லோடு பெட்டியில் ஒரு தாள் வருமே, அதில் என்ன போட்டிருக்கிறது? விவரப் பகுதியில் என்ன இருக்கிறது? மூன்றும் ஒத்துப்போக வேண்டும். "படித்துவிட்டுக் கேட்கவும்" என்பதை எப்படியும் தூக்கிவிடுங்கள். விவரத்தில் இருந்தாலும் அந்த ஒரு வரியை இங்கேயும் எழுதிவிடலாம்.

வேலை நடக்கும் முறை இதுதான். முந்நூறையும் ஒவ்வொன்றாகத் திருத்தாதீர்கள். ஒரே விரிதாளில் கொட்டி, கேள்வி வாரியாக அடுக்குங்கள். எடை, இண்டக்‌ஷன், துரு, சோப்பு, அளவு, முதல் தடவை எப்படிப் பழக்குவது என்று கைவிரலுக்குள் அடங்கிவிடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிலை மட்டும் எழுதி, மாமாவைப் படிக்க வைத்து, அப்புறம் ஒட்டுங்கள். கேள்வியில் வேறு ஏதாவது சேர்ந்திருந்தால் மட்டும் கை வையுங்கள். "நான்கு நாளில் வரும்", "இப்போது ஆஃபர் 20%" என்பது போல் நாளைக்கே மாறிவிடும் பதில்கள் இருந்தால் எண்ணை எடுத்துவிடுங்கள். டெலிவரி நாள் அவரவர் பின்கோடு போட்டால் பக்கத்திலேயே தெரியும்.

பணிவன்பன்:
அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் "பயனுள்ளது" என்று வாங்கிய ஓட்டும் போய்விடுமே. "2 கிலோ டியர்" பதிலுக்கு ஓட்டு இருந்தால்?

வார்ப்படம்:
தப்பான பதிலுக்கு எத்தனை ஓட்டு இருந்தாலும் அழிக்க வேண்டியதுதான். தகவல் சரியாக இருந்து பேச்சு மட்டும் கொஞ்சம் சொதசொதவென்று இருப்பவற்றை அப்படியே விடலாம், அவசரமில்லை. ஓட்டு விஷயத்தில் நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

பட்டுக்கரை:
தனி இழை போட்டேன், ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

கடைப்பொறுப்பு:
எல்லோருக்கும் நன்றி. கண்ணாடி மேல் வைத்துப் பார்த்தேன். 10 அங்குலம் ஆடவில்லை. 12 அங்குலத்தில் புதுச் சரக்கு சரியாக இருக்கிறது, பழைய சரக்கில் அடியில் பெயர் புடைத்திருக்கிறது, ஆடுகிறது. இரண்டும் கலந்துதான் போய்க்கொண்டிருக்கிறது. இப்போதைக்கு இப்படி மாற்றியிருக்கிறேன்:

"10 அங்குலக் கல்லை இண்டக்‌ஷனில் வைக்கலாம். குறைந்த சூட்டில் தொடங்கி மெதுவாகக் கூட்டுங்கள். 12 அங்குலக் கல்லுக்கு கேஸ் அடுப்பே நல்லது, இண்டக்‌ஷனில் ஓரம் சரியாகச் சூடாகாது."

பெட்டித் தாளில் சோப்பு கூடாது என்று இருக்கிறது, விவரத்தில் மிதமான சோப்பு போடலாம் என்று இருக்கிறது. மாமாவிடம் கேட்டால் அத்தையைக் கேள் என்கிறார்.

அடுக்களை ராஜ்ஜியம்:
அத்தை சொல்வதைப் போடுங்கள்.

நூல்கண்டு:
அத்தை எந்தச் சோப்பு வைத்திருக்கிறார் என்று முதலில் கேளுங்கள்.