பார்சலில் தவறான மொபைல் எண்: கூரியர்காரர் வேறு யாருக்கோ போன் செய்கிறார்

ஆர்டர் போடும்போது மொபைல் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் இடம் மாறிவிட்டன. முகவரி சரி, பணமும் கட்டியாகிவிட்டது. மூன்று நாளாகப் பார்சல் உள்ளூர் டெலிவரி கிளையில் இருக்கிறது. இரண்டு முறை எடுத்து வந்து, இரண்டு முறையும் "வாடிக்கையாளரைத் தொடர்புகொள்ள முடியவில்லை" என்று திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். அழைப்பெல்லாம் அந்த எண்ணின் சொந்தக்காரருக்குத்தான் போகிறது, பாவம்.

செய்து பார்த்தவை: கணக்கில் எண்ணை மாற்றினேன். அது அடுத்த ஆர்டருக்குத்தான் பொருந்தும். இந்தப் பார்சலின் லேபிளிலும் கூரியர் பதிவிலும் ஆர்டர் போட்ட நேரத்து எண்ணே நிற்கிறது. டிராக்கிங் பக்கத்தில் டெலிவரி நாளை மாற்றப் போனால் ஓடிபி அதே தவறான எண்ணுக்குப் போகிறது. முன்பின் தெரியாதவரிடம் ஓடிபி கேட்பது சரியல்ல, கேட்கவில்லை. கூரியர் வாடிக்கையாளர் சேவையிலும் பதிவான எண்ணிலிருந்து அழைத்தால்தான் மாற்றுவோம் என்கிறார்கள். விற்பனையாளரோ அனுப்பிய பிறகு தன் கையில் இல்லை என்கிறார். ஆனால் டெலிவரி தோல்வியான பார்சலுக்கு மாற்று எண் கொடுத்து மறுமுயற்சி கேட்கும் வசதி விற்பனையாளரின் கூரியர் கணக்கில் இருக்கும் என்றுதான் எனக்குத் தெரியும்.

மூன்றாவது முயற்சியும் தவறினால் பார்சல் திரும்பிப் போய்விடும் என்கிறார்கள். லேபிள் எண்ணை மாற்றவைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா: விற்பனையாளரிடம் சரியாக என்ன கேட்டு, எந்த விவரங்களைக் கொடுத்தீர்கள்?