மார்ச் 31-ல் பிபிவியை எங்கே வைப்பது? உங்கள் கம்பெனியில் நடந்ததைச் சொல்லுங்கள்

செம்புக்கம்பி (கோவை)

பம்ப் மோட்டார் செய்கிற கம்பெனியில் காஸ்டிங் பார்க்கிறேன். இருப்பு முழுவதும் ஸ்டாண்டர்ட் விலையில்தான் நிற்கிறது. பில் விலைக்கும் ஸ்டாண்டர்டுக்கும் உள்ள வித்தியாசம் பிபிவி கணக்கில் சேர்ந்துகொண்டே போகும், வருஷக் கடைசியில் மொத்தத்தையும் லாப நஷ்டத்தில் தள்ளிவிடுவது இங்கே பழக்கம். இந்த வருஷம் ஆடிட்டர் ஒத்துக்கொள்ளவில்லை.

செம்பு வைண்டிங் ஒயரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், கதையே அதில்தான். ஸ்டாண்டர்ட் கிலோ 800 ரூபாய். முதல் ஒன்பது மாதம் 45,000 கிலோ, சராசரி 810-க்கு வாங்கினோம். கடைசி மூன்று மாதம் 15,000 கிலோ, 880-க்கு. ஆக பிபிவி 4.5 லட்சமும் 12 லட்சமும், மொத்தம் 16.5 லட்சம் பாதகம். மார்ச் 31-ல் ஸ்டோர்ஸில் 3,000 கிலோ ஒயர் இருக்கிறது. ஷாப் ஃப்ளோரில் சுற்றிய ஸ்டேட்டர்களில் 1,500 கிலோ, முடிந்த மோட்டார்களுக்குள் 3,500 கிலோ. இந்த 16.5 லட்சத்தில் எவ்வளவு இருப்போடு போக வேண்டும்? இதைச் செய்தவர்கள் எப்படிச் செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.

லெட்ஜர்_திருப்பூர்

எங்கள் இடத்தில் வருஷக்கணக்காக மொத்தமும் செலவுதான். சிஸ்டத்தில் PRD போகிற கணக்கே லாப நஷ்டத்தில்தான் திறந்திருக்கிறது, அதை எதற்கு நோண்ட வேண்டும்? கூடுதலாகக் கொடுத்த விலையைச் செலவில் எழுதினால் லாபம் குறையும், குறைத்துக் காட்டினால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஆடிட்டரிடம் தொகை சின்னது என்று சொல்லிப் பாருங்கள், விட்டுவிடுவார்.

ஓய்வுபெற்ற காஸ்ட் அக்கவுண்டன்ட்

திருப்பூர் தம்பி சொல்வதில் பாதி சரி. பிபிவி ஸ்டாண்டர்டில் அரை சதவீதம், ஒரு சதவீதம் என்று இருக்கும்வரை யாரும் அதைப் பிரித்துக்கொண்டு உட்கார மாட்டார்கள், உட்காரவும் வேண்டாம். ஆனால் கணக்கு சிஸ்டத்தில் எங்கே திறந்திருக்கிறது என்பது வெறும் செட்டிங், அது பதிலாகாது. இண்ட் ஏஎஸ் 2 ஸ்டாண்டர்ட் விலையை ஒரு வசதிக்காகத்தான் அனுமதிக்கிறது, விடை உண்மையான அடக்க விலைக்கு நெருக்கமாக வர வேண்டும் என்ற நிபந்தனையோடு. 880-க்கு வாங்கின ஒயரை 800 என்று காட்டினால் ஒன்பது சதவீதம் குறைவு. அது நெருக்கம் இல்லை.

இந்த வேலையைக் கிலோவில் செய்யுங்கள், ரூபாயில் தொடங்காதீர்கள். நான் பார்த்த பல கம்பெனிகளில் மொத்த பிபிவியை மொத்த இருப்பு மதிப்புக்கும் விற்ற சரக்கின் அடக்கத்துக்கும் விகிதம் போட்டுப் பிரிப்பார்கள். அப்படிச் செய்தால் செம்பில் வந்த வித்தியாசம் வார்ப்பு இரும்பின் தலையிலும் பேரிங்கின் தலையிலும் போய் உட்காரும். வித்தியாசம் எந்தப் பொருளில் வந்ததோ அந்தப் பொருள் எத்தனை கிலோ இருப்பில் நிற்கிறது என்று முதலில் எண்ணுங்கள். உங்களுக்கு அது 8,000 கிலோ.

அடுத்தது, அந்த 8,000 கிலோ எப்போது வாங்கியது? வருஷத்துக்கு 60,000 கிலோ வாங்குகிறீர்கள், 8,000 என்பது ஏழு வாரக் கொள்முதல். கடைசி மூன்று மாதத்தில் வந்ததே 15,000. முதலில் வந்தது முதலில் போகும் என்ற முறையில் பார்த்தால் கையில் இருக்கிற ஒவ்வொரு கிலோவும் 880 பில்லில் வந்தது. 8,000 × 80 = 6.4 லட்சம் இருப்புக்கு, மீதி 10.1 லட்சம் செலவுக்கு. ஏப்ரலில் வாங்கி மே மாதமே மோட்டாராக விற்றுப்போன ஒயரின் வித்தியாசத்துக்கு மார்ச் இருப்பில் இடமே இல்லை.

லாபம் குறைந்தால் நல்லதுதானே என்கிற பேச்சை நான் ஏற்பதில்லை. விலை இறங்குகிற வருஷத்தில் பிபிவி சாதகமாக வரும். அதே பழக்கப்படி மொத்தத்தையும் லாபத்தில் எடுத்துக்கொண்டால் இருப்பு உண்மை விலையைவிட அதிகமாக நிற்கும், விற்காத சரக்கில் லாபம் காட்டியிருப்பீர்கள். அந்த வருஷம் ஆடிட்டர் சும்மா விடவே மாட்டார்.

பர்ச்சேஸ் பக்கம்

இந்தக் கேள்வி எப்போது வந்தாலும் கடைசியில் பர்ச்சேஸ்காரன்தான் குற்றவாளி ஆகிறான், அதனால் சொல்கிறேன். ஒயர் விலையில் நாங்கள் பேரம் பேசுவது இழுத்துச் சுற்றித் தருகிற கூலியை மட்டும்தான். செம்பு விலை லண்டன் சந்தையையும் டாலரையும் பார்த்து மாறும், சப்ளையர் மாதச் சராசரிப்படி பில் போடுவார். போன வருஷம் மார்ச்சில் போட்ட 800-ஐ வைத்துக்கொண்டு பிப்ரவரி பில்லைப் பார்த்து ஏன் 80 ரூபாய் கூட என்று கேட்டால் நான் என்ன சொல்ல? பிபிவி ரிப்போர்ட்டில் உலோக விலையையும் கூலியையும் தனித்தனியாகக் காட்டுங்கள், யார் வேலை எது என்று தெரியும்.

செம்புக்கம்பி (கோவை)

சார், பர்ச்சேஸைக் குறை சொல்லிக் கேட்கவில்லை, குளோசிங்கில் எங்கே வைப்பது என்றுதான் கேட்டேன். ஆனால் நீங்கள் சொன்ன பிரிவு எனக்குப் பயன்படும், உலோக விலை ஏறியது எந்த மாதம் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

ஹோசூர்_குளோசிங்

எங்களிடம் நடந்ததைச் சொல்கிறேன், நீங்கள் பிரிப்பதற்கு முன்னால் இதைப் பார்த்துவிடுங்கள். ஒரு வருஷம் மார்ச் மாத பிபிவி திடீரென்று குறைந்து வந்தது, எல்லாருக்கும் சந்தோஷம். வரிவரியாக இறக்கிப் பார்த்தால் 30-ம் தேதி ஒரு ஜிஆர்என், 500 கிலோ ஒயர், பர்ச்சேஸ் ஆர்டரில் விலை 1 ரூபாய். விலை முடிவாகவில்லை, லாரி கேட்டில் நிற்கிறது, உள்ளே எடுக்க யாரோ 1 ரூபாய் என்று போட்டு ஆர்டர் எழுப்பிவிட்டார்கள். சிஸ்டம் இருப்பை 800-க்கு ஏற்றியது, சப்ளையருக்குத் தர வேண்டியது 1 ரூபாய் என்று GR/IR-ல் வைத்தது, கிலோவுக்கு 799 சாதக பிபிவி. அதாவது 3,99,500 ரூபாய். பில் ஏப்ரல் 6-ம் தேதி MIRO-வில் 880-க்கு ஏறியபோது 879 பாதகம், ஆனால் அது அடுத்த வருஷத்துக் கணக்கு.

அதிலிருந்து குளோசிங் அன்று நான் முதலில் செய்கிற வேலை, ஸ்டாண்டர்டிலிருந்து 25 சதவீதத்துக்கு மேல் விலகிய ஜிஆர்என் வரிகளை மட்டும் இறக்குவது. கிலோவுக்குப் பதில் ரீலுக்கு விலை போட்டது, 100 கிலோ விலையை 1 கிலோவுக்குப் போட்டது எல்லாம் அங்கேதான் சிக்கும். இவை பிபிவியே இல்லை, தவறான பதிவு. இவற்றைத் திருத்தாமல் பிரித்தால் தப்பான தொகையைத்தான் நேர்த்தியாகப் பிரிப்பீர்கள்.

வெயிட்டட் ஆவரேஜ்

காஸ்ட் அக்கவுண்டன்ட் சாரோடு ஒரு இடத்தில் எனக்கு ஒத்துப்போகவில்லை. கோவைக்காரர் கம்பெனியின் கணக்குக் கொள்கையில் என்ன எழுதியிருக்கிறது? சராசரி முறை என்று இருந்தால் 6.4 லட்சம் எப்படி வரும்? ஆரம்ப இருப்பை இப்போதைக்கு விட்டுவிட்டால் 16.5 லட்சத்தை 60,000 கிலோவில் வகுத்தால் கிலோவுக்கு 27.50. 8,000 கிலோவுக்கு 2.2 லட்சம்தான். சராசரியை ஒவ்வொரு வரவுக்கும் போடலாம், ஒரு காலகட்டத்துக்கு மொத்தமாகவும் போடலாம் என்று அதே இண்ட் ஏஎஸ் 2-ல்தான் இருக்கிறது. நாங்கள் வருஷத்துக்கு ஒரே சராசரிதான் போடுகிறோம்.

ஓய்வுபெற்ற காஸ்ட் அக்கவுண்டன்ட்

சராசரி முறை வைத்திருக்கிறவர்கள் சராசரியே போடட்டும், அதில் எனக்குத் தகராறு இல்லை. ஏழு வாரத்துக்கு ஒருமுறை சுழலும் இருப்புக்கு ஒரு வருஷத்துக்கே ஒரே சராசரியா என்பதுதான் என் கேள்வி. 827.50 என்று எழுதி வைத்துவிட்டு ஸ்டோர்ஸில் போய்ப் பில்லைக் கேட்டால் ஒரு பில்கூட அந்த விலையில் இருக்காது. மாதாமாதம் சராசரி போட்டால் மார்ச்சில் 880-க்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கும். அனுமதி இருக்கிறது என்பது வேறு, இந்தச் சரக்குக்குப் பொருந்துகிறதா என்பது வேறு.

வெயிட்டட் ஆவரேஜ்

சார், மாத முறைக்கு மாறினால் போன வருஷ இருப்பையும் அதே முறையில் போட வேண்டும், இல்லையென்றால் இரண்டு வருஷத்தையும் ஒப்பிட முடியாது. விலை ஏறின வருஷம் பார்த்து மாற்றினால் லாபத்துக்காக மாற்றியதாகத்தான் தெரியும். நான் என் நிலையில்தான் இருக்கிறேன்.

ஈஆர்பி_சென்னை

6.4 என்றே வைத்துக்கொள்வோம். மார்ச் 31-ல் பிபிவி கணக்கில் வரவு வைத்து, 'இருப்பு பிபிவி சரிக்கட்டு' என்று தனி இருப்புநிலைக் கணக்கில் பற்று எழுதுவீர்கள். ஆபத்து மறுநாள் வருகிறது. ஏப்ரல் 1-ல் ஒயருக்கு 880 என்றும், அதை வைத்து மோட்டார்களுக்கும் புது ஸ்டாண்டர்ட் ரிலீஸ் செய்த உடனே ஸ்டோர்ஸில் உள்ள 3,000 கிலோவும் மோட்டார்களில் உள்ள 3,500 கிலோவும் தானாக மறுமதிப்பாகும். 6,500 × 80, அதாவது 5.2 லட்சம் இருப்பு ஏறும், எதிர்ப்பக்கம் மறுமதிப்பு லாபம். மார்ச்சில் போட்ட பதிவும் அப்படியே உட்கார்ந்திருந்தால் அதே 5.2 லட்சம் இருப்பில் இரண்டு முறை, ஏப்ரல் லாபமும் அதே அளவுக்குப் பொய். சரிக்கட்டுக் கணக்கிலிருந்து 5.2 லட்சத்தை எடுத்து அந்த மறுமதிப்பு லாபத்தை அன்றைக்கே அடித்துவிடுங்கள்.

மீதி 1.2 லட்சம் டபிள்யூஐபி. SAP-ல் ஸ்டாண்டர்ட் ரிலீஸ் செய்தால் திறந்திருக்கிற ஆர்டரில் ஏற்கெனவே ஏறின 1,500 கிலோ மாறாது, பழைய 800-லேயே நிற்கும். அந்த ஆர்டர் ஏப்ரலில் முடிந்து மோட்டார் புது விலையில் ஸ்டாக்கில் ஏறும்போது வித்தியாசம் சாதக உற்பத்தி வேரியன்ஸாகத் தெரியும். தொழிற்சாலை மேனேஜர் அதைத் தன் சிக்கனம் என்று நினைப்பார். அந்த ஆர்டர்கள் முடிய முடியத்தான் 1.2 லட்சத்தை எடுக்க வேண்டும்.

செம்புக்கம்பி (கோவை)

டபிள்யூஐபி விஷயம் யோசிக்கவே இல்லை, நன்றி அண்ணா. எங்கள் கொள்கையில் முதலில் வந்தது முதலில் என்றுதான் இருக்கிறது, அதனால் 6.4 என்றே ஆடிட்டருக்கு அனுப்பப் போகிறேன். ஹோசூர் நண்பர் சொன்னபடி விலகிய ஜிஆர்என்களை இறக்கினேன், ஃபிப்ரவரியில் ரீல் விலை போட்ட ஒரு வரி இருந்தது, அதைத் திருத்திவிட்டுத்தான் மறுபடி கணக்குப் போட வேண்டும். மோட்டாருக்குள் இருக்கிற ஒயரை பிஓஎம் வைத்துத்தான் எண்ணினேன், அதில் சுற்றும்போது போகிற கழிவும் சேர்ந்திருக்கிறது. கழிவுச் செம்பை விற்ற பணத்தை ஏற்கெனவே மூலப்பொருள் செலவில் கழித்துவிட்டோம், அப்போது அந்தக் கிலோவுக்கும் 80 ரூபாய் போடுவது சரியா?

ஓய்வுபெற்ற காஸ்ட் அக்கவுண்டன்ட்

வழக்கமான கழிவு என்றால் அது நல்ல மோட்டாரின் அடக்கத்தில் சேர்ந்ததுதான், 80 போடுங்கள். ஸ்க்ராப் விற்ற விலையும் செம்போடு சேர்ந்து ஏறியிருக்கும், அதற்கு எவ்வளவு கழிப்பது என்பது உங்கள் ஸ்டாண்டர்டில் ஸ்க்ராப் வரவு எப்படிப் போட்டிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அந்த ஷீட்டைப் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது.

குரூப்_ரிப்போர்ட்டிங்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் தாய் நிறுவனம் அமெரிக்காவில். அவர்கள் பேக்கேஜில், ஜூன் காலாண்டில் வந்த பிபிவி டிசம்பருக்குள் சரியாகிவிடும் என்று திட்டத்தில் இருந்தால் அதை நிறுத்தி வைக்கச் சொல்கிறார்கள். இங்கே இண்ட் ஏஎஸ் 34-ல் அந்தச் சலுகை இல்லை, வருஷக் கடைசியில் எப்படி எடுப்போமோ அப்படித்தான் காலாண்டிலும் எடுக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு காலாண்டும் இரண்டு பிபிவி ஷீட் ஓட்டுகிறோம். இதை சிஸ்டத்திலேயே இரண்டு லெட்ஜரில் பிரித்து வைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?