பல் எல்லாம் இருக்கு, ஆனா ஜிப் பிரியுது: ரன்னர் மட்டும் மாத்தினா போதுமா?

மதுரைக்காரன்: ஜீன்ஸ் ஜிப்பை மேல இழுத்தா ரன்னர் ஏறுது, ஆனா அது தாண்டின இடம் அப்படியே வாயைப் பிளக்குது. டெய்லர் பார்த்ததுமே முழு ஜிப்பும் மாத்தணும்னுட்டார். நகத்தால தடவிப் பார்த்தேன், ஒரு பல்கூட விழல. குறடால ரன்னரை லேசா அழுத்தினதும் இப்ப பிடிக்குது. இது தாங்குமா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

சும்மா_வந்தேன்: மெழுகுவர்த்தியைத் தேய்ங்க பாஸ். என் ஸ்கூல் பேக் காலத்துல இருந்து அதான் வைத்தியம்.

தையல்கடை அக்கா: தம்பி, மெழுகு இறுக்கமா ஓடுற ஜிப்புக்கு. பிரியுற ஜிப்புக்கு இல்ல. ஒவ்வொரு தடவையும் வேற வேற இடத்துல பிரிஞ்சா ரன்னர் தேஞ்சு வாய் அகண்டிருக்கு. எப்பவும் ஒரே இடத்துல பிரிஞ்சா அங்க பல்லைப் பாருங்க.

அழுத்தும்போது பல் சேர்ந்து வெளிய வர்ற தட்டையான முனையை மட்டும், இடம் கொஞ்சம் வலம் கொஞ்சம்னு மாத்தி மாத்தி அழுத்தணும். நடுவுல அழுத்தினா ரன்னர் ஓடாது. ரொம்ப அழுத்தினா பட்டுனு உடையும், அது வார்ப்பு உலோகம். ஏற்கெனவே தேஞ்சதுங்கிறதால மறுபடி அகலும். ரெண்டாவது தடவை அழுத்துற நிலை வந்தா புது ரன்னர் வாங்கிடுங்க. பழசோட முதுகுல 5ன்னோ 8ன்னோ எண் இருக்கும். அதே எண், அதே வகை வேணும். பித்தளைப் பல்லுக்கு நைலான் ரன்னர் போட்டா நிக்காது.

பைக் பைத்தியம்: என் ரைடிங் ஜாக்கெட்ல கீழ கோர்க்கிற குச்சி கிட்ட, பல்லைத் தாங்குற துணி டேப் நூல்நூலா பிரிஞ்சிடுச்சு. ரன்னர் மாத்தியும் குச்சி உள்ள நிக்கவே இல்ல. கடைசியில முழு ஜிப்தான்.

தையல்கடை அக்கா: டேப் போனா வேற வழி இல்ல, முழுசாத்தான் மாத்தணும்.

கணக்குப்பிள்ளை: எனக்கும் ஜீன்ஸ்தான், தானா கீழ இறங்குது. நானும் அழுத்தலாமா?

தையல்கடை அக்கா: அது வேற கோளாறு. இழுக்கிற நாக்குக்கு அடியில சின்னப் பல் ஒண்ணு பூட்டு மாதிரி பிடிக்கும், அது தேஞ்சிருக்கு. அழுத்தினாலும் பிரயோஜனம் இல்ல, ரன்னரை மாத்துங்க. அதுவரைக்கும் நாக்குல சாவி வளையத்தைக் கோர்த்து பட்டன்ல மாட்டி வைங்க.

மதுரைக்காரன்: அப்போ என் டெய்லர் ஏன்க்கா முழு ஜிப்னு சொன்னார்?

தையல்கடை அக்கா: ஜீன்ஸ்ல ஜிப்போட மேல்முனை இடுப்புப் பட்டிக்குள்ள தைச்சிருக்கும். ரன்னர் ஏத்தவும் தையல் பிரிக்கணும், திரும்பத் தைக்கணும். பாதி வேலை அங்கேயே முடிஞ்சிடுது. அதுக்கப்புறம் பழைய பல்லு தகராறு பண்ணா வாடிக்கையாளர் எங்களைத்தான் திட்டுவாங்க.

கோவை_மெக்கானிக்: பிரிக்காமலே ஏத்தலாம்க்கா. அடியில ரெண்டு பல்லுக்கு இடையில டேப்பை வெட்டி, ரன்னரை ரெண்டு பக்கமும் ஒரே மட்டத்துல நுழைச்சு, வெட்டுக்கு மேல தடிச்ச நூலால குறுக்கே நாலு சுத்து. என் பேன்ட் அப்படித்தான் ஓடுது.

தையல்கடை அக்கா: ஓடும் தம்பி. ஆனா துவைக்கத் துவைக்க வெட்டின இடம் பிரியும். அவசரத்துக்குச் செய்யலாம், காசு வாங்கிட்டு நான் செய்ய மாட்டேன்.

கோவை_மெக்கானிக்: வெட்டின முனையை நெருப்புல லேசா காட்டினா பிரியாதுக்கா, டேப் பாலியஸ்டர்தானே.

தையல்கடை அக்கா: பாலியஸ்டர்னா சரி. பழைய ஜீன்ஸ் சிலதுல காட்டன் டேப், அது கருகிடும். எதுன்னு பார்த்துட்டு காட்டுங்க.