டைக்ஸ்ட்ரா நிரூபணத்தில் மதிப்பெண் போகும் இடங்கள்: வகுப்புக்கு அனுப்பிய மின்னஞ்சல், உங்கள் அனுபவங்கள்

அல்காரிதம் டி.ஏ.

குறும்பாதை நிரூபண விடைத்தாள்களைத் திருத்தியபின் வகுப்புக்கு அனுப்பிய மின்னஞ்சலைக் கீழே தருகிறேன். இந்தக் கேள்வியை எழுதியவர்களும் திருத்தியவர்களும் தாங்கள் பார்த்ததைப் பகிர்ந்தால் அடுத்த வகுப்புக்கு உதவும்.

> அனைவருக்கும் வணக்கம்.
>
> கேட்டது இதுதான்: எந்த எட்ஜின் எடையும் மைனஸ் இல்லை என்றால், டைக்ஸ்ட்ரா ஒரு நோடை க்யூவிலிருந்து எடுக்கும் நேரத்தில் அதன் d மதிப்பு உண்மையான குறுந்தூரமாகவே இருக்கும் என்று நிறுவ வேண்டும்.
>
> பலர் அல்காரிதம் ஓடும் விதத்தை எழுதிவிட்டு, "எப்போதும் மிகச் சிறியதையே எடுப்பதால் விடை சரி" என்று முடித்திருக்கிறீர்கள். மைனஸ் எடை இருந்தாலும் அல்காரிதம் மிகச் சிறியதைத்தான் எடுக்கிறது, ஆனால் விடை தப்பாகலாம். ஆகவே அந்த வரி எதையும் நிறுவவில்லை.
>
> அதிகம் பேர் தடுக்கிய இடம் வேறு. "u-வை எடுக்கிறோம். அதன் குறும்பாதையில் u-வுக்கு முந்தைய நோடு ஏற்கெனவே முடிந்துவிட்டது" என்று எழுதுகிறீர்கள். முடிந்தது என்று எப்படித் தெரியும்? முடிந்த நோடுகளின் கூட்டம் S என்று வையுங்கள். குறும்பாதை S-ஐ விட்டு u-வுக்கு வெகு முன்பே வெளியேறியிருக்கலாம். அதனால் தொடக்க நோடான s-இலிருந்து அந்தப் பாதையில் நடந்து, S-க்கு வெளியே முதலில் வரும் நோடை y என்று பிடியுங்கள். அது u-வாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். y-க்கு முந்தைய x நிச்சயம் S-இல் இருக்கிறது. x-ஐ எடுத்தபோதே x→y எட்ஜை ரிலாக்ஸ் செய்துவிட்டோம். x-இன் மதிப்பும் சரி என்பதால் d[y] சரியாகவே இருக்கும். பிறகு, δ என்பது உண்மையான குறுந்தூரம் என்று வைத்தால், இந்த ஒரு வரி போதும்:
>
> ```
> d[u] ≤ d[y] = δ(s,y) ≤ δ(s,u) ≤ d[u]
> ```
>
> முதல் குறி வருவது, y-யும் க்யூவில் இருந்தும் அல்காரிதம் u-வைத் தேர்ந்தெடுத்ததால். கடைசிக் குறி வருவது, d[u] எப்போதும் உண்மையிலேயே இருக்கும் ஏதோ ஒரு பாதையின் நீளம் என்பதால். நடுவில் இருக்கும் δ(s,y) ≤ δ(s,u) மட்டும்தான் மைனஸ் இல்லை என்ற நிபந்தனையைப் பயன்படுத்துகிறது. வரி தொடங்குவதும் முடிவதும் d[u]-இல், எனவே இடையில் எல்லாமே சமம்.
>
> உங்கள் நிரூபணத்தைச் சோதிக்க ஒரு கிராஃப் தருகிறேன்:
>
> ```
> s → t : 2
> s → a : 3
> a → t : -2
> ```
>
> s முடிந்ததும் d[t]=2, d[a]=3. அடுத்து t வெளியே வருகிறது, மதிப்பு 2. உண்மையான தூரம் a வழியாக 1. மேலே உள்ள வரியில் u=t, y=a என்று போட்டால் நடுவில் 3 ≤ 1 என்று வந்து அங்கேயே உடைகிறது. உங்கள் நிரூபணத்தை இந்த கிராஃபை வைத்து வாசியுங்கள். ஒரு வரியும் உடையவில்லை என்றால், தப்பான முடிவையும் உங்கள் வாதம் "நிறுவுகிறது" என்று அர்த்தம்.
>
> கடைசியாக, "y முன்னால் வருகிறது, ஆகவே δ(s,y) < δ(s,u)" என்று எழுதாதீர்கள். சுழிய எடை உள்ள எட்ஜ் இருந்தால் இரண்டும் சமமாகலாம். முரண்பாடு வழியில் நிறுவுகிறவர்களுக்கு கண்டிப்பான சிறியது கிடைப்பது d[u] > δ(s,u) என்ற எடுகோளிலிருந்து. y முன்னால் வருவதிலிருந்து கிடைப்பதில்லை.

மூன்றாமாண்டு மாணவி

அண்ணா, இந்த கிராஃபை பைத்தானில் போட்டுப் பார்த்தேன், t-க்கு 1 என்றுதான் வருகிறது. அப்படியானால் எடுத்துக்காட்டு தப்பில்லையா?

```python
while pq:
    du, u = heappop(pq)
    if du > d[u]: continue
    for v, w in adj[u]:
        if du + w < d[v]:
            d[v] = du + w
            heappush(pq, (d[v], v))
```

போட்டி நிரலாளர்

எடுத்துக்காட்டு சரிதான்மா. நிறுவச் சொன்ன அல்காரிதம் வேறு, இந்தக் குறியீடு வேறு. இதில் "முடிந்தது" என்ற கூட்டமே இல்லை. `du > d[u]` என்ற வரி பழைய நகல்களை மட்டுமே தள்ளுகிறது. t முதலில் 2-உடன் வெளியே வருகிறது. பிறகு a அதை 1 ஆகக் குறைத்து மறுபடி உள்ளே தள்ளுகிறது, t இரண்டாம் முறை வெளியே வருகிறது. அந்த வரிக்குப் பதிலாக இதைப் போட்டு ஓட்டிப் பார்:

```python
    if u in done: continue
    done.add(u)
```

ரிலாக்ஸ் செய்யும் இடத்திலும் `v not in done` என்று சேர்த்துக்கொள். இப்போது 2 வரும்.

நீ எழுதியது, மைனஸ் சுற்று இல்லாதவரை கடைசியில் சரியான விடையைத் தரும். ஆனால் ஒரே நோடு பலமுறை வெளியே வரலாம் என்பதால் மோசமான கிராஃபில் எண்ணிக்கை அடுக்குக்குறி வேகத்தில் ஏறும். மைனஸ் சுற்று இருந்தால் நிற்கவே நிற்காது. "வெளியே வந்தால் மதிப்பு இறுதி" என்ற கூற்று உன் குறியீட்டுக்கு மைனஸ் எட்ஜ் வந்தால் பொய்யாகலாம். வினா கேட்பது அந்தக் கூற்றைத்தான்.

ரூட்டிங் பொறியாளர்

இதற்கு இவ்வளவு யோசிக்க வேண்டுமா? எல்லா எட்ஜிலும் 2 கூட்டினால் மைனஸே இருக்காது. டைக்ஸ்ட்ராவை ஓட்டிவிட்டுப் பிறகு கழித்துக்கொள்ளலாம்.

அல்காரிதம் டி.ஏ.

சார், இதையும் சில விடைத்தாள்களில் பார்த்தேன். அதே கிராஃபில் கூட்டுவோம். s→t 4 ஆகிறது. s→a 5, a→t 0, ஆக அந்த வழி 5. இப்போது நேர்வழி ஜெயிக்கிறது, உண்மையில் ஜெயிக்க வேண்டியது a வழி. காரணம், ஒரு எட்ஜ் உள்ள பாதைக்கு 2 கூடுகிறது, இரண்டு எட்ஜ் உள்ளதற்கு 4 கூடுகிறது. எட்ஜ் அதிகமுள்ள பாதைக்குத் தண்டனை விழுந்துவிடுகிறது.

ஓய்வுபெற்ற பேராசிரியர்

பொறியாளர் சொன்னதில் பாதி சரி, அந்தப் பாதியை விட்டுவிட வேண்டாம். எடையை மாற்றலாம், ஆனால் எட்ஜுக்கு இவ்வளவு என்று மாற்றக்கூடாது, நோடுக்கு இவ்வளவு என்று மாற்ற வேண்டும். 1977-இல் ஜான்சன் வெளியிட்ட முறை அதுதான். ஒவ்வொரு நோடுக்கும் h என்று ஒரு எண் வைத்து, u→v எட்ஜின் எடையை w + h(u) − h(v) ஆக்குகிறோம். பாதை நெடுகக் கூட்டும்போது இடையில் வரும் h எல்லாம் அடிபட்டு, தொடக்கமும் முடிவும் மட்டும் மிஞ்சும். s-இலிருந்து t-க்குப் போகும் எல்லாப் பாதைக்கும் ஒரே அளவு மாற்றம்தான்.

இந்த கிராஃபுக்கு h(s)=0, h(a)=0, h(t)=−2 என்று வையுங்கள். s→t 4, s→a 3, a→t 0. நேர்வழி 4, a வழி 3. முன்பு 2, 1 என்று இருந்தவை இரண்டுமே சரியாக 2 கூடியிருக்கின்றன, வரிசை மாறவில்லை. h-ஐக் கண்டுபிடிக்க முதலில் ஒருமுறை பெல்மன்–ஃபோர்டு ஓட்ட வேண்டும். ஒரே தொடக்கத்துக்கு அது வீண் வேலை, அதுவே விடையைக் கொடுத்துவிடும். எல்லா நோடிலிருந்தும் தூரம் வேண்டும்போதுதான் லாபம்.

மின்னஞ்சலில் ஒரு குறை. "d[y] சரி" என்ற இடத்தில், குறும்பாதையின் முன்பகுதியும் குறும்பாதையே என்று சொல்லாமல் எடுத்துக்கொள்கிறீர்கள். மாணவர்கள் அதற்கு "முன்பகுதியைவிடச் சிறியது இருந்தால் வெட்டி ஒட்டலாம்" என்று எழுதுவார்கள். ஒட்டியபின் கிடைப்பதில் ஒரு நோடு இருமுறை வரலாம் என்பதை எழுத மாட்டார்கள். a, b, c என்று மூன்று நோடு, மூன்றும் ஒன்றோடொன்று இணைந்த முக்கோணம் எடுங்கள், எட்ஜ் ஒவ்வொன்றும் 1. நோடு திரும்ப வராத மிக நீண்ட பாதை a-இலிருந்து c-க்கு a-b-c. அதன் முன்பகுதி a-b. ஆனால் a-இலிருந்து b-க்கு மிக நீண்டது a-c-b. வெட்டி ஒட்டினால் a-c-b-c, c இருமுறை வந்துவிட்டது. மிக நீண்ட பாதைக்கு இந்த வாதம் செல்லாது. குறும்பாதைக்குச் செல்வதற்குக் காரணம், திரும்ப வரும் சுற்றை நீக்கினால் எடை கூடாது என்பதே. அந்த வரியை எழுதாதவருக்கு முழு மதிப்பெண் தரக்கூடாது.

போட்டி நிரலாளர்

ஐயா, நோடு திரும்ப வரலாம் என்று அனுமதித்தே குறுந்தூரத்தை வரையறுத்தால் ஒட்டுவதில் சிக்கலே வராதே. மைனஸ் இல்லாத எடைக்கு இரண்டு வரையறையும் ஒரே எண்ணைத்தான் தரும்.

ஓய்வுபெற்ற பேராசிரியர்

ஒரே எண் என்று சொல்லவும் அதே சுற்று நீக்கும் வரிதான் வேண்டும், தம்பி. வரையறையை முதலில் எழுதிவிட்டு அப்படிச் செய்தால் ஏற்பேன். எதையும் எழுதாமல் தாவினால் ஏற்க மாட்டேன்.

அல்காரிதம் டி.ஏ.

இரண்டாமாண்டு வகுப்புக்கு அந்த வரிக்காக மதிப்பெண் குறைப்பது அதிகம் என்றே நினைக்கிறேன், ஐயா. மின்னஞ்சலில் சேர்த்துவிடுகிறேன்.

மறுமதிப்பீடு கேட்பவர்

என் வினா கொஞ்சம் வேறு. எங்கள் வகுப்பில் "s-ஐத் தொடும் எட்ஜ்கள் மட்டும் மைனஸாக இருக்கலாம், மைனஸ் சுற்று இல்லை. டைக்ஸ்ட்ரா சரியா?" என்று கேட்டார்கள். சரி என்று எழுதினேன், சுழியம் கிடைத்தது. மின்னஞ்சலைப் படித்தால் மைனஸ் இருந்தாலே தப்பு என்பது போல இருக்கிறது.

அல்காரிதம் டி.ஏ.

இல்லை. மைனஸ் இருந்தால் அந்த நடு வரி உடையலாம் என்றுதான் சொன்னேன், உடைந்தே தீரும் என்று சொல்லவில்லை. அந்த வரிக்கு வேண்டியது, y-இலிருந்து u வரையுள்ள துண்டு மைனஸ் ஆகக்கூடாது என்பது மட்டுமே. மைனஸ் சுற்று இல்லை என்பதால் நோடு திரும்ப வராத குறும்பாதையை எடுக்கலாம். அதில் s முதலிலேயே வந்துவிட்டது, y-க்குப் பிறகு மறுபடி வராது. ஆகவே s-ஐத் தொடும் எட்ஜ் எதுவும் அந்தத் துண்டில் இல்லை, மீதி எட்ஜ் எதுவும் மைனஸ் இல்லை, வரி நிற்கிறது. அல்காரிதம் சரி. இந்தக் காரணத்தை எழுதியிருந்தால் மறுமதிப்பீடு கேளுங்கள். "சரி" என்று மட்டும் எழுதியிருந்தால் கடினம்.

ஓய்வுபெற்ற பேராசிரியர்

கேட்பதற்கு முன் ஒன்று பாருங்கள். வினாவில் இருந்த கிராஃப் திசை உள்ளதா? திசையில்லாததில் ஒரு மைனஸ் எட்ஜ் இருந்தாலே, அதில் போய்த் திரும்பினால் மைனஸ் சுற்று. "மைனஸ் சுற்று இல்லை" என்ற நிபந்தனையோடு அது சேராது.

மறுமதிப்பீடு கேட்பவர்

வினாத்தாளில் அம்புக்குறி எதுவும் இல்லை. "s-ஐத் தொடும்" என்றுதான் இருக்கிறது, "s-இலிருந்து கிளம்பும்" என்று இல்லை. என் விடையில் s மறுபடி வராது என்பதை எழுதியிருக்கிறேன், திசையைப் பற்றி எதுவும் எழுதவில்லை.

அல்காரிதம் டி.ஏ.

அப்படியானால் விடைத்தாளோடு வினாத்தாளையும் சேர்த்துக் கொண்டுபோய், எந்த கிராஃபை மனதில் வைத்துக் கேட்டார்கள் என்பதை முதலில் கேளுங்கள். திசை உள்ளது என்று சொன்னால் உங்கள் வாதம் நிற்கும்.